ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை ரூபாய்?

2008 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருந்த தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு ஆலையும் அதற்கு முன் எவ்வளவு மின்சாரம் எடுத்ததோ அதைக் கணக்கிட்டு, அதில் அறுபது சதவீதம்தான் இனி உனக்கு என்று அளவு கட்டினார்கள். மீறினால் அபராதக் கட்டணம். மாலை உச்ச நேரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு. இடையிடையே தளர்ந்தும் இறுகியும், இந்த ஏற்பாடு 2015 ஜூன் வரை நீடித்தது.

இதில் கடுமையாக அடிபட்ட ஊர்களில் ஒன்று கோவை. பம்ப்செட், மோட்டார், வெட்கிரைண்டர் என்று அந்த ஊர் செய்யும் பொருள்களில் பலவற்றுக்கு உடம்பு வார்ப்பிரும்பு. அதை வார்த்துக் கொடுக்கும் ஃபவுண்டரிகள் கணபதியிலும் பீளமேட்டிலும் அரசூர்ப் பக்கத்திலும் நிறைந்திருக்கின்றன. நிலக்கரியில் வெந்த கல்கரியைப் போட்டு இரும்பை உருக்கும் பழைய கியூப்பலா உலை வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். மின்சாரத்தால் உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸுக்கு மாறியிருந்தவர்களுக்குக் கரண்டுதான் மூச்சு. ஆர்டர் கையில் இருக்கிறது, ஸ்க்ராப் முற்றத்தில் குவிந்திருக்கிறது, ஆள்கள் நிற்கிறார்கள். இல்லாதது மின்சாரம் மட்டும்.

அப்படி ஒரு மாதத்தில் முதலாளி முன் நிற்கும் கேள்வி ஒன்றே ஒன்று. இருக்கிற யூனிட்டுகளை எந்தக் காஸ்டிங்குக்குக் கொடுப்பது?

பலரும் சட்டென்று சொல்லும் விடை, எதில் லாபம் அதிகமோ அதற்கு என்பது. அந்த விடை தவறு. எவ்வளவு தவறு என்பதை ஒரு ஃபவுண்டரியின் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் அவற்றுக்கு இடையில் உள்ள உறவு இந்தத் தொழிலில் உண்மையாகவே காணப்படுவது.

நம்முடைய ஃபவுண்டரி மூன்று விதமான சரக்கு வார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, குழாய்களில் பொருத்தும் வால்வின் உடல். இது எஸ்.ஜி. அயர்ன் எனப்படும் உறுதியான வார்ப்பிரும்பு. உருகிய இரும்பில் மக்னீசியம் கலந்து பக்குவப்படுத்த வேண்டும். கிலோ 98 ரூபாய்க்கு விலை போகிறது. இரண்டாவது, சாதாரண வார்ப்பிரும்பில் செய்த பம்ப் கேசிங், கிலோ 68 ரூபாய். மூன்றாவது, இயந்திரங்களுக்கு எடை கொடுப்பதற்காக மாட்டும் தடித்த இரும்புக் கட்டி. பட்டறையில் வெயிட் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இதற்குக் கிலோ 56 ரூபாய்தான்.

இனிச் செலவு. ஒரு கிலோ கூடுதலாக வார்த்தால் கூடுதலாக ஆகும் செலவுகள் ஒரு பக்கம்: ஸ்க்ராப், பிக் அயர்ன், மணல், பிசின், பீஸ் கணக்கில் கொடுக்கும் கூலி, லாரி வாடகை, மின்சாரக் கட்டணம். இவை மாறும் செலவுகள். வார்த்தாலும் வார்க்காவிட்டாலும் மாதம் பிறந்தால் வந்து நிற்பவை மறுபக்கம்: மாதச் சம்பளம், வங்கி வட்டி, வாடகை, மின்வாரியத்தின் டிமாண்ட் கட்டணம். இவை நிலைச் செலவுகள். விலையிலிருந்து மாறும் செலவை மட்டும் கழித்தால் மிஞ்சுவதைக் கணக்கியலில் பங்களிப்பு என்கிறார்கள். அலுவலகப் பேச்சில் கான்ட்ரிபியூஷன். ஒவ்வொரு கிலோவும் நிலைச் செலவைச் சுமக்கத் தன் பங்காகக் கொண்டுவந்து கொடுக்கும் தொகை அது. எல்லாக் கிலோக்களும் கொண்டுவந்த தொகையைச் சேர்த்து, நிலைச் செலவைக் கட்டிய பிறகு ஏதாவது மிஞ்சினால் அதுதான் லாபம்.

வால்வுக்கு மாறும் செலவு 82 ரூபாய். பங்களிப்பு 16. பம்ப் கேசிங்குக்குச் செலவு 56, பங்களிப்பு 12. வெயிட்டுக்குச் செலவு 46 ரூபாய் 10 காசு, பங்களிப்பு 9 ரூபாய் 90 காசு.

கரண்டு தாராளமாகக் கிடைத்த நாளில் இந்த ஃபவுண்டரி மாதம் 62 டன் வால்வு, 75 டன் பம்ப் கேசிங், 40 டன் வெயிட் வார்த்தது. சந்தை கேட்டது அவ்வளவு. மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த பங்களிப்பு 22 லட்சத்து 88 ஆயிரம் ரூபாய். நிலைச் செலவு 18 லட்சம். லாபம் 4 லட்சத்து 88 ஆயிரம்.

இப்போது கரண்டு வெட்டப்படுகிறது. உற்பத்திக்கு 2,50,000 யூனிட் எடுத்த இடத்தில் 1,50,000 யூனிட்தான் கிடைக்கும்.

கணக்குப் பிரிவில் ஒவ்வொரு பொருளுக்கும் காஸ்ட் ஷீட் என்ற தாள் இருக்கும். அந்தத் தாளில் 18 லட்சம் நிலைச் செலவை மொத்தம் 177 டன்னுக்கும் கிலோ கணக்கில் பரத்திவிட்டிருப்பார்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் பதினேழு காசு விழும். அதையும் கழித்துப் பார்த்தால் வால்வில் கிலோவுக்கு ஐந்தே முக்கால் ரூபாய்க்கு மேல் லாபம் தெரியும். பம்ப் கேசிங்கில் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வெயிட்டில் 27 காசு நஷ்டம்.

“வெயிட்டு நஷ்டத்துலதானுங்க ஓடுது. கரண்டு இருக்கற நெலமைக்கு மொதல்ல அத நிறுத்திரலாங்க” என்று கணக்குப் பார்ப்பவர் சொல்வது இந்தத் தாளைப் பார்த்துத்தான். அவர் கூட்டல் கழித்தலில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் அந்தத் தாளில் ஒரு முக்கியமான எண் இடம்பெறவே இல்லை. ஒரு கிலோ நல்ல சரக்கு வெளியே போக எத்தனை யூனிட் கரண்டு ஆகிறது என்ற எண்.

அதைக் கண்டுபிடிக்க உலைக்கு அருகில் போக வேண்டும். ஒரு டன் இரும்பை உருக்கி 1,500 டிகிரிக்குக் கொண்டுபோக இயற்பியல் கேட்பது 400 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நடைமுறையில் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் 550 முதல் 650 யூனிட் வரை எடுக்கும். சூடு சுவர் வழியாகவும் திறந்த வாய் வழியாகவும் போய்க்கொண்டே இருக்கும். குளிர்நீர் ஒரு பகுதியை வாரிக்கொண்டு போகும். இந்த அளவு எல்லாச் சரக்குக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது.

உருகிய இரும்பு முழுவதும் சரக்காக மாறுவதில்லை. அச்சுக்குள் இரும்பு ஓடிப்போகும் வாய்க்கால் ரன்னர். உறையும்போது இரும்பு சுருங்குவதால், உள்ளே பள்ளம் விழாமல் ஊட்டிக்கொண்டிருக்க மேலே ஒரு சேமிப்பு வைப்பார்கள். அது ரைசர். ஆறிய பிறகு இரண்டையும் உடைத்து மறுபடி உலையில் போட்டுவிடுகிறார்கள். இரும்பு திரும்பக் கிடைக்கிறது. அதை உருக்கிய கரண்டு திரும்பக் கிடைப்பதில்லை.

வால்வு உடலில் தடிமனும் மெலிவும் மாறி மாறி வரும். தண்ணீர் அழுத்தச் சோதனையில் ஒரு துளிகூடக் கசியக் கூடாது. அதனால் பெரிய ரைசர்கள் வேண்டும். 100 கிலோ ஊற்றினால் 50 கிலோ ரன்னர், ரைசராகப் போய்விடும். மிஞ்சும் ஐம்பதில் நான்கு கிலோ ரிஜெக்‌ஷன். ஆக நல்ல சரக்கு 46 கிலோ. எஸ்.ஜி. இரும்பைக் கொஞ்சம் கூடுதல் சூட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் அந்த 100 கிலோவை உருக்க 65 யூனிட் ஆகிறது. அதை 46 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 1.41 யூனிட். மணல் ஆலை, கோர் அடுப்பு, கிரைண்டிங் எல்லாம் சேர்த்தால் சுமார் 2 யூனிட்.

பம்ப் கேசிங்கில் 100 கிலோ ஊற்றினால் 65 கிலோ நல்ல சரக்கு. எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 1.2 யூனிட். வெயிட்டோ வெறும் கட்டி. உள்ளே கோர் இல்லை, கசிவுச் சோதனை இல்லை, சிறு பள்ளம் இருந்தாலும் வாங்குபவர் பொருட்படுத்துவதில்லை. 100 கிலோவில் 80 கிலோ தேறிவிடும். கிலோவுக்கு 0.9 யூனிட் போதும்.

இனி வகுத்துப் பார்க்கலாம். வால்வு தரும் 16 ரூபாயை 2 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 8 ரூபாய். பம்ப் கேசிங்கின் 12 ரூபாயை 1.2 யூனிட்டால் வகுத்தால் 10 ரூபாய். வெயிட்டின் 9.90 ரூபாயை 0.9 யூனிட்டால் வகுத்தால் 11 ரூபாய். கிலோ கணக்கில் முதலிடத்தில் இருந்தது கரண்டுக் கணக்கில் கடைசிக்குப் போய்விட்டது. காஸ்ட் ஷீட்டில் நஷ்டம் காட்டியது முதலிடத்துக்கு வந்துவிட்டது.

வரிசை மாறியதால் பணத்தில் என்ன வேறுபாடு? கிலோவுக்கு அதிகம் தருவது வால்வு என்று அதற்கே முதல் பந்தி வைத்தால் 62 டன் வால்வு 1,24,000 யூனிட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சமுள்ள 26,000 யூனிட்டில் 21 டன்னுக்கு மேல் பம்ப் கேசிங் வார்க்கலாம். மொத்தப் பங்களிப்பு 12 லட்சத்து 52 ஆயிரம். நிலைச் செலவு போக அந்த மாத நஷ்டம் 5 லட்சத்து 48 ஆயிரம்.

யூனிட் கணக்கின்படி போனால் முதலில் 40 டன் வெயிட், 36,000 யூனிட். அடுத்து 75 டன் பம்ப் கேசிங், 90,000 யூனிட். எஞ்சிய 24,000 யூனிட்டில் 12 டன் வால்வு. மொத்தப் பங்களிப்பு 14 லட்சத்து 88 ஆயிரம். நஷ்டம் 3 லட்சத்து 12 ஆயிரம். நஷ்டம் நஷ்டம்தான். 40 சதவீதக் கரண்டு போன பிறகு எந்தக் கணக்கும் மாயம் செய்துவிடாது. ஆனால் அதே உலை, அதே ஆள்கள், அதே கரண்டு வைத்துக்கொண்டு மாதம் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய் மிச்சம். வங்கிக் கடன் தவணையைக் கட்ட முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் இடையிலான தொகை அது.

யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று எல்லா ஆர்டரையும் ஒரே மாதிரி 40 சதவீதம் வெட்டினால்? பங்களிப்பு 13 லட்சத்து 72 ஆயிரம் சொச்சம். முதல் வழியைவிட மேல், இரண்டாம் வழியைவிட ஒரு லட்சத்துக்கு மேல் குறைவு. நியாயமாகத் தோன்றும் இந்தப் பங்கீட்டுக்கு அதுதான் விலை.

வெயிட்டை நிறுத்தச் சொன்ன யோசனையையும் அளந்துவிடலாம். அது எடுத்த 36,000 யூனிட்டும் வால்வுக்குப் போகும். யூனிட்டுக்கு 11 ரூபாய் தந்த இடத்தில் 8 ரூபாய்தான் வரும். இழப்பு மாதம் 1,08,000. பத்து ரூபாய் நிலைச் செலவோ ஒரு காசுகூடக் குறையாது. வெயிட் சுமந்த பங்கும் மற்ற இரண்டின் தலையில் ஏறும். அடுத்த மாதக் காஸ்ட் ஷீட்டில் பம்ப் கேசிங்கும் நஷ்டம் காட்டத் தொடங்கும். அதையும் நிறுத்தச் சொல்லி ஒரு யோசனை வரும். நிலைச் செலவைக் கிலோ மேல் ஏற்றிய தாளை வைத்துக்கொண்டு இந்த மாதிரி முடிவு எடுப்பதன் உண்மையான ஆபத்து இதுதான்.

கணக்கு இத்தோடு நிற்பதில்லை. கடைசி யூனிட் இப்போது வால்வுக்குப் போகிறது. மின்வாரியத்துக்கு யூனிட்டுக்கு 5 ரூபாய் 50 காசு கட்டிய பிறகும் அது 8 ரூபாய் தருகிறது. அப்படியென்றால் இன்னும் ஒரு யூனிட் எங்கிருந்தாவது கிடைத்தால் அதற்கு 13 ரூபாய் 50 காசு வரை கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் கைநஷ்டம்.

டீசல் ஜெனரேட்டர் ஓட்டலாமா என்ற கேள்விக்கு இந்த ஒரு எண்ணே பதில் சொல்லிவிடும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் மூன்றரை யூனிட் கிடைக்கும். லிட்டர் 44 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு எரிபொருள் மட்டும் 12 ரூபாய் 57 காசு. ஓட்டலாம், சுமார் ஒரு ரூபாய் மிஞ்சும். 2012 செப்டம்பரில் டீசல் விலை லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏறியது. 49 ரூபாய் டீசலில் யூனிட் 14 ரூபாய். ஓட்டினால் ஓட்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு போகும். முதல் நாள் வரை சரியாக இருந்த முடிவு மறுநாள் தவறாகிவிடுகிறது. ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தில் வேலை நடப்பதுபோலவே இருக்கும். நஷ்டம் ஓசைப்படாமல் சேரும்.

உலையை நேரடியாக ஜெனரேட்டரில் ஓட்டுவது வேறு தொல்லை. அதன் மின்சுமை சீராக இருக்காது, ஜெனரேட்டருக்கு அது ஒத்துவராது. அதனால் மணல் ஆலை, கிரைண்டிங், கம்ப்ரஸர் ஆகியவற்றை டீசலுக்கு மாற்றி, மிச்சமாகும் வாரியக் கரண்டை உலைக்குக் கொடுப்பதுதான் நடைமுறைக்கு உகந்த வழி. கணக்கில் இரண்டும் ஒன்றே. எந்த மூலையில் மிச்சம் பிடித்தாலும் அந்த யூனிட்டின் மதிப்பு அதே 13 ரூபாய் 50 காசுதான்.

இதே எண் விலை பேசவும் உதவும். வால்வு வாங்கும் கம்பெனி சரக்குக் குறைந்துவிட்டது என்று நச்சரிக்கிறது. என்ன விலை கொடுத்தால் பம்ப் கேசிங்கின் கரண்டை எடுத்து வால்வுக்குக் கொடுக்கலாம்? யூனிட்டுக்கு 10 ரூபாய் வர வேண்டும். இரண்டு யூனிட்டுக்கு 20 ரூபாய் பங்களிப்பு. ஆக விலை 98 அல்ல, 102. அதற்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் வால்வுக்கு முன்னுரிமை, அதற்குக் கீழே எவ்வளவு வற்புறுத்தினாலும் பின்வரிசை. ஆர்டர் கேட்டு வருபவரிடம் முகதாட்சண்யத்தால் தடுமாறாமல் சொல்ல முதலாளிக்கு ஒரு தெளிவான எண் கிடைக்கிறது.

விலையை ஏற்றச் சம்மதிக்காத கம்பெனியாக இருந்தால் உலைப் பக்கமும் ஒரு வழி உண்டு. ரைசரைச் சுற்றி வெப்பம் காக்கும் ஸ்லீவ் என்ற உறையைப் பொருத்தினால் சிறிய ரைசரே போதும். 100 கிலோவில் 50 கிலோ சரக்காக வந்த இடத்தில் 58 கிலோ வருகிறது என்று கொள்வோம். கிலோவுக்கு ஆகும் கரண்டு 2 யூனிட்டிலிருந்து 1.8 ஆகும். மிச்சமாகும் கரண்டுக் காசை ஸ்லீவ் விலையே விழுங்கிவிட்டால் பங்களிப்பு அதே 16 ரூபாயில் நிற்கும். சாதாரணக் காலத்தில், எதுவும் மிஞ்சவில்லையே, இது எதற்கு என்று இந்த மாற்றத்தைத் தள்ளிவிடுவார்கள். வெட்டுக் காலத்தில் 16 ரூபாயை 1.8 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 8 ரூபாய் 89 காசு. கேட்க வேண்டிய விலையும் 102-லிருந்து 100-க்கு இறங்கிவிடுகிறது.

இவ்வளவும் ஓர் எண்ணின் மேல் நிற்கிறது: கிலோவுக்கு இத்தனை யூனிட். அந்த எண் பல ஃபவுண்டரிகளில் ஊகம்தான். மாதக் கடைசியில் வரும் மின் கட்டணத்தை மாத டன்னால் வகுத்துச் சராசரி எடுத்துவிடுவார்கள். சராசரியில் வால்வின் பசி வெயிட்டின் தலையில் ஏறிவிடும். மூன்றுக்கும் ஒரே எண் வைத்தால் வரிசை மறுபடி கிலோ வரிசையாகவே வந்து நிற்கும், பிழை இருப்பதே தெரியாது. உலைக்குத் தனி மீட்டர் வேண்டும். ஒவ்வொரு ஹீட்டுக்கும் தொடக்கத்தில் ஒரு ரீடிங், இரும்பை ஊற்றி முடித்ததும் ஒரு ரீடிங், அது எந்த அச்சுக்குப் போனது என்ற குறிப்பு. மூன்று வாரம் எழுதினாலே படம் தெளிந்துவிடும். ஒரே சரக்கு ஒரு நாள் 600 யூனிட்டும் மறுநாள் 720 யூனிட்டும் காட்டினால், அச்சு தயாராகாமல் உருகிய இரும்பு உலையில் காத்துக் கிடந்திருக்கிறது என்று பொருள். ரிஜெக்‌ஷனிலும் கவனம் தேவை. உள்ளே இருக்கும் பள்ளம் வாங்கியவரின் லேத்தில் கடையும்போதுதான் தெரியும், சில வாரம் கழித்து. அப்போது திரும்பி வரும் சரக்கின் கரண்டையும் அந்தப் பொருளின் கணக்கில் ஏற்ற வேண்டும்.

மாறும் செலவு எது, நிலைச் செலவு எது என்பதிலும் அவசரம் கூடாது. பீஸ் கணக்கில் வாங்கும் தொழிலாளியின் கூலி வேலை குறைந்தால் குறையும். மாதச் சம்பளம் வாங்குபவரின் சம்பளம் குறையாது. அதை மாறும் செலவில் சேர்த்துவிட்டால் கைவேலை அதிகமுள்ள பொருள், இல்லாத ஒரு செலவைச் சுமந்துகொண்டு வரிசையில் பின்னால் போய்விடும்.

யூனிட் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் முடியாது. வால்வை 62 டன்னிலிருந்து 12 டன்னுக்கு இறக்கினால் அந்த வாடிக்கையாளர் ராஜ்கோட்டுக்கோ கோலாப்பூருக்கோ பெல்காமுக்கோ தன் அச்சுகளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அங்கேயும் ஃபவுண்டரிகள் கூட்டமாக இருக்கின்றன. போனவர் கரண்டு வந்த பிறகு திரும்புவார் என்று உறுதி இல்லை. அவருக்குக் குறைந்தது 30 டன் கொடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளி நினைத்தால், கூடுதல் 18 டன்னுக்குத் தேவையான 36,000 யூனிட்டைப் பம்ப் கேசிங்கிலிருந்து எடுக்க வேண்டும். யூனிட்டுக்கு 2 ரூபாய் வீதம் மாதம் 72,000 ரூபாய் இழப்பு. அந்த வாடிக்கையாளரை வைத்துக்கொள்வதற்கான மாதச் செலவு இது. கொடுக்கத் தகுமா என்பதை முதலாளிதான் தீர்மானிக்க வேண்டும். பங்களிப்புக் கணக்கு அந்தத் தீர்மானத்துக்கு ஒரு தொகையை எழுதித் தருகிறது, அதற்குமேல் போவதில்லை.

தட்டுப்பாடு ஒன்றே ஒன்றாக இருக்கும்வரைதான் இந்த எளிய வகுத்தல் செல்லும். கரண்டும் குறைவு, அச்சுப் பெட்டியும் குறைவு என்று இரண்டு தடைகள் சேர்ந்து வந்தால் ஒன்றுக்குச் சரியான வரிசை மற்றதற்குச் சரியாக இராது. இந்தச் சிக்கலை முதலில் அவிழ்த்தவர் லெனின்கிராடைச் சேர்ந்த கணித அறிஞர் லியோனித் கான்டரோவிச். 1938-இல் ஒட்டுப்பலகைத் தொழில் நிறுவனம் ஒன்றிலிருந்து அவரிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். எட்டு வகை இயந்திரங்கள், ஐந்து வகை மரம். ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒவ்வொரு மரத்துக்கு ஒவ்வொரு வேகம். எந்த மரத்தை எதில் கொடுத்தால் மொத்த உற்பத்தி கூடும்? விடையை அவர் 1939-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். தட்டுப்பாடான ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு மதிப்பு எண் கண்டுபிடிப்பதுதான் அவருடைய முறையின் உயிர். நம் கணக்கில் கடைசி யூனிட்டுக்குக் கிடைத்த 8 ரூபாய் அந்த வகையைச் சேர்ந்த எண். 1975-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது, டியாலிங் கூப்மன்ஸுடன் சேர்த்து. இன்று பல தடைகள் உள்ள கணக்கைக் கணினியில் விரிதாள் மென்பொருளே போட்டுவிடும்.

பெரிய அளவில் இதே கேள்வி 2021-இல் கார் கம்பெனிகளுக்கு வந்தது. அங்கே தட்டுப்பாடு சிப்புகளில். கொரோனாவின் தொடக்கத்தில் கார் கம்பெனிகள் சிப் ஆர்டரைக் குறைத்தன. சிப் ஆலைகள் மடிக்கணினிப் பக்கம் திரும்பின. கார் விற்பனை மீண்டபோது சிப் இல்லை. மாருதி 2021 செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 சதவீதம்தான் முடியும் என்று அறிவித்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் சிறிய கார்கள் செய்யும் ஆலைகளை நிறுத்திவைத்து, கிடைத்த சிப்புகளைப் பெரிய பிக்கப் லாரிகளுக்கும் எஸ்.யு.வி.களுக்கும் திருப்பியது. பெரிய வண்டிக்குச் சிப்பும் கூடுதலாகத்தான் வேண்டும். ஆனால் ஒரு வண்டியில் கிடைக்கும் பங்களிப்பு அதைவிடப் பல மடங்கு கூடுதல். அதனால் இங்கே கிலோ வரிசையும் யூனிட் வரிசையும் ஒரே திசையில் நின்றன. அந்த ஆண்டு அமெரிக்காவில் அதன் விற்பனை 13 சதவீதம் குறைந்தது. 1931-இலிருந்து கையில் இருந்த முதலிடத்தை டொயோட்டாவிடம் இழந்தது. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபமோ 1,430 கோடி டாலர், அதுவரை அந்தக் கம்பெனி காணாத அளவு. தட்டுப்பாட்டால் வண்டி விலை ஏறியதும் அதற்கு ஒரு காரணம்.

கோவைக்குத் திரும்பினால், மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம். பல்லடம், உடுமலைப் பக்கத்தில் சொந்தக் காற்றாலை வைத்திருந்தவர்களுக்கு அந்த மாதங்களில் கரண்டுக் கவலை பெருமளவு குறைந்துவிடும். கரண்டு போதுமான அளவு வந்ததும் யூனிட்டால் வகுத்த வரிசைக்கு வேலை இல்லை. தடை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும், பல நேரம் ஃபெட்லிங் பகுதிக்கு. வார்த்த சரக்கின் பிசிறை அரைத்து, உள்ளே ஒட்டிய மணலைத் தட்டி எடுக்கும் வேலை அது. வெயிலும் தூசும் நிறைந்த அந்த இடத்துக்கு ஆள் கிடைப்பது எப்போதும் கடினம். அங்கே அளவுகோல் நிமிடம். வால்வுக்குக் கிலோவுக்கு மூன்று நிமிடம், உள்ளே வளைந்து வளைந்து போகும் பம்ப் கேசிங்குக்கு நான்கு, வெயிட்டுக்கு ஒன்று என்று கொண்டால், வெயிட் நிமிடத்துக்கு 9 ரூபாய் 90 காசு தருகிறது, வால்வு 5 ரூபாய் 33 காசு, பம்ப் கேசிங் 3 ரூபாய். கரண்டு வெட்டில் கடைசியில் நின்ற வால்வு பம்ப் கேசிங்கைத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்துவிடுகிறது. முந்தின மாதம் 102 ரூபாய் கேட்ட அதே சரக்குக்கு இந்த மாதம் 98 ரூபாயிலேயே ஆர்டர் எடுக்கலாம்.